மருந்தை நிறுத்திய பிறகு என் நுரையீரலில் எஞ்சியிருந்தவை

காசநோய்க்காக எனக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட ஆறு மாத மருந்தை 74ஆம் நாளில் நானாகவே நிறுத்தினேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. உடம்பு தேறிவிட்டது என்று நம்பினேன், அவ்வளவுதான். அந்த முடிவினாலும், அதற்குப் பின்னர் நான் செய்த அதைவிடப் பெரிய இன்னொரு தவறினாலும், ஆறு மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய சிகிச்சை பதினைந்து மாதங்களுக்கு இழுத்தது. அந்த மாதங்களில் எனக்கு என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும். ஆனால், என் மார்புக்குள் இருந்த கிருமிகளுக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை இரண்டாவது மருத்துவர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டிய பிறகுதான் புரிந்துகொண்டேன். அதன் பின்னர் கிடைத்ததையெல்லாம் படித்தேன். முன்கூட்டியே யாராவது எனக்கு இதைச் சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டேன் என்று உறுதியாக நம்புவதால், அந்தப் பதினைந்து மாதங்களையும் அந்தக் கிருமிகளின் பக்கத்திலிருந்தே சொல்ல முயல்கிறேன்.

தொடக்கம் எல்லோருக்கும் நேர்வதைப் போன்றதுதான். ஐந்து வாரங்களாக விடாத இருமல், மாலையானால் லேசான காய்ச்சல், இரவில் தலையணை நனையும் அளவுக்கு வியர்வை. ஏழு கிலோ எடை குறைந்தது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேற்பகுதியில் ஒரு குழி தெரிந்தது. சளிப் பரிசோதனையில் கிருமி இருப்பது உறுதியானது. வளர்ப்புப் பரிசோதனை முடிவு சில வாரங்கள் கழித்து வந்தபோது, வழக்கமான மருந்துகள் எல்லாவற்றுக்கும் அக்கிருமி கட்டுப்படும் என்று அதில் எழுதியிருந்தது. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். என்னுடையதைப் போன்ற ஒரு குழியில் ஒரு கோடியிலிருந்து நூறு கோடி வரை கிருமிகள் இருக்கலாம். கணக்குக்கு வசதியாக, என்னிடம் பத்துக் கோடி இருந்ததாக வைத்துக்கொள்வோம்.

நான்கு மருந்துகள் தொடங்கினார்கள்: ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்புட்டால். முதல் இரண்டு மாதங்களுக்கு நான்கும், பிறகு நான்கு மாதங்களுக்கு ஐசோனியசிட்டும் ரிஃபாம்பிசினும் என்பது எனக்கான திட்டம். இவற்றில் ஐசோனியசிட் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. கிருமி பெருகும்போது தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் மெழுகு போன்ற சுவரை அது கட்டவிடாமல் தடுக்கிறது. பெருகிக்கொண்டிருக்கும் கிருமி அதனால் விரைவாகச் செத்துப்போகிறது. முதல் இரண்டு நாட்களிலேயே சளியில் உயிரோடு இருக்கும் கிருமிகளில் ஏறக்குறைய 90 விழுக்காடு அழிந்துவிடும். இந்த எண்ணைக் கேட்கும்போது வேலை முடிந்துவிட்டதைப் போலத் தோன்றும். ஆனால் பத்துக் கோடியில் 90 விழுக்காடு போனால் ஒரு கோடி மிஞ்சுகிறது. அதிலும் 90 விழுக்காடு போனால் பத்து இலட்சம் மிஞ்சுகிறது. ஒவ்வொரு படியும் முந்தைய படியைப் போலவே பெரிய வெற்றிதான். ஆனால் அடுத்தடுத்த படிகளுக்கு ஆகும் காலம் நீண்டுகொண்டே போகிறது. ஏனென்றால் ஒவ்வொரு முறையும் எளிதில் சாகக்கூடியவை முதலில் போய்விடுகின்றன, சாகக் கடினமானவை பின்தங்கி நிற்கின்றன.

அப்படிப் பின்தங்கி நின்றவை வலிமை மிக்கவை என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் அவை தூங்கிக்கொண்டிருந்தவை. காசநோய்க் கிருமி சாதாரணமாகவே மெதுவாகப் பெருகக்கூடியது. ஒன்று இரண்டாவதற்கு ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். நம் குடலில் வாழும் ஈ. கோலை கிருமிக்கு நல்ல சூழலில் 20 நிமிடம் போதும். குழியின் சுவரில் செத்த திசு பாலாடைக் கட்டியைப் போலத் திரண்டு கிடக்கிறது. அதற்குள் உயிர்வளி குறைவு. கிருமியை விழுங்கிய நம்முடைய பாதுகாப்பு அணுக்களுக்குள்ளும் சில மாட்டிக்கொண்டிருக்கும். அத்தகைய இடங்களில் அவை பெருகுவதையே ஏறத்தாழ நிறுத்திவிட்டு, கிடைப்பதைக் கொண்டு காலம் தள்ளுகின்றன. சுவர் கட்டாத கிருமியிடம், சுவர் கட்டுவதைத் தடுக்கும் மருந்துக்கு வேலை இல்லை. ஐசோனியசிட் அவற்றைச் சுற்றிலும் நிறைந்திருந்தாலும் அவை சாவதில்லை. மருந்தை எதிர்க்கும் தன்மை எதுவும் அவற்றின் மரபணுவில் கிடையாது. விழித்தெழுந்து பெருகத் தொடங்கினால் அதே மருந்துக்கு அவையும் பலியாகும். இவற்றைத் தூக்கத்திலேயே பிடிப்பதற்குத்தான் மற்ற மருந்துகள். அமிலத்தன்மை கூடிய மூலைகளில் கிடப்பவற்றைப் பைரசினமைடு கொல்கிறது. எப்போதாவது சிறிது நேரம் விழித்து மீண்டும் அடங்குபவற்றை ரிஃபாம்பிசின் கொல்கிறது. அந்த விழிப்பு எப்போது வரும் என்று தெரியாததால், மருந்து நாள் தவறாமல் அங்கே காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆறு மாதம் என்பது அந்தக் காத்திருப்புக்கு ஆகும் காலம்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், மூன்றாவது வாரத்தில் காய்ச்சல் விட்டது, ஐந்தாவது வாரத்தில் இருமல் ஏறக்குறைய நின்றது, பசி திரும்பியது என்பவைதான். காய்ச்சலும் வியர்வையும் பெருந்தொகையான கிருமிகளோடு நம் உடல் நடத்தும் போராட்டத்தின் விளைவுகள். எண்ணிக்கை ஓரளவுக்குக் கீழே இறங்கியதும் அந்தப் போராட்டம் ஓய்கிறது, நமக்கு நலமாகிவிட்டதைப் போல இருக்கிறது. 60ஆம் நாளில் சளியை மீண்டும் சோதித்தார்கள். "கிருமி காணப்படவில்லை" என்று தாளில் இருந்தது. அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பல நாள் எடுத்து எடுத்துப் பார்த்தேன். நுண்ணோக்கியில் ஒரு கிருமி கண்ணில் பட வேண்டுமானால், ஒரு மில்லி சளியில் குறைந்தது ஐந்தாயிரம் முதல் பத்தாயிரம் கிருமிகளாவது இருக்க வேண்டும் என்று அப்போது எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம். அதற்குக் கீழே எத்தனை இருந்தாலும் அந்தத் தாளில் அதே வாசகம்தான் வரும். மேலும், சளியில் வராமல் குழியின் சுவருக்குள்ளேயே கிடப்பவை எந்தச் சளிப் பரிசோதனையிலும் வரப்போவதில்லை. இரண்டாம் மாதப் பரிசோதனை சரியாக வந்தால், சிகிச்சை சரியான வழியில் போகிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் அப்படியொரு தாள் இருந்தால், அதை வாங்கும்போதே "இன்னும் எத்தனை வேளை மருந்து மீதமிருக்கிறது?" என்று மருத்துவரிடம் கேட்டு, அந்த எண்ணை அதே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுத்தியதற்கு நலமடைந்த உணர்வு மட்டும் காரணமில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ரிஃபாம்பிசின் கேப்சூல் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் வெறும் வயிற்றில் விழுங்கிய அரை மணியில் குமட்டல் தொடங்கும். முற்பகல் முழுவதும் வாயில் உமிழ்நீர் ஊறிக்கொண்டே இருக்கும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். வியர்வை பட்ட வெள்ளை உடையிலும் அந்த நிறம் ஏறும். நோயின் தொல்லை இருந்தவரையில் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். நோய் தெரியாமற்போன பிறகு, என்னை நோயாளியாக உணர வைத்தது அந்தக் கேப்சூல் ஒன்றுதான். அலுவலக வேலையாக ஐந்து நாள் வெளியூர் போக நேர்ந்தது. போகும்போது மருந்தை எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஐந்து நாளும் குமட்டல் இல்லாமல் விடிந்தது. திரும்பி வந்து பெட்டியைத் திறந்தபோது, மறுபடியும் தொடங்க மனம் வரவில்லை. மருத்துவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அடுத்த சந்திப்புக்குப் போகவே இல்லை.

இந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது மிக எளிமையானது. குமட்டல் தாங்கவில்லை என்று மருத்துவரிடம் சொல்லியிருந்தால், மருந்து எடுக்கும் நேரத்தை இரவுக்கு மாற்றியிருப்பார், அல்லது சிறிதளவு உணவோடு எடுக்கச் சொல்லியிருப்பார். வெறும் வயிற்றில் எடுத்தால் மருந்து கூடுதலாக உடலில் சேரும் என்பது உண்மைதான். ஆனாலும் உணவோடு எடுக்கும் மருந்து எடுக்காத மருந்தைவிட எவ்வளவோ மேலானது. இரண்டாவது முறை நான் அப்படித்தான் ஆறு மாதத்தையும் கடந்தேன். செம்மஞ்சள் சிறுநீருக்கு அஞ்ச வேண்டியதில்லை, அது மருந்தின் நிறம். அஞ்ச வேண்டியவை வேறு: கண்ணின் வெள்ளை மஞ்சளாவது, சிறுநீர் கரும்பழுப்பாவது, விடாத வாந்தி, வலப்புற மேல்வயிற்றில் வலி, எத்தாம்புட்டால் எடுக்கும்போது பார்வை மங்குவது அல்லது சிவப்பும் பச்சையும் மாறித் தெரிவது. இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த வேளையை விழுங்காமல் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்போதும் நிறுத்துவதானால் எல்லா மருந்தையும் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும். பிடிக்காத ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தொடரக் கூடாது. இது ஏன் என்பது அடுத்த சில மாதங்களில் எனக்குத் தெரியவந்தது.

நிறுத்திய அன்று என் நுரையீரலில் எத்தனை கிருமிகள் உயிரோடு இருந்தன என்று யாராலும் சொல்ல முடியாது. ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். கடைசி வேளை மருந்து ஓரிரு நாளில் இரத்தத்தை விட்டு நீங்கியது. அதுவரை, விழித்தெழுந்த கிருமி எதுவும் பிழைத்ததில்லை. இப்போது விழித்தெழுந்தது பிழைத்தது. அது 20 மணி நேரத்தில் இரண்டானது. தடையே இல்லாத இடத்தில் ஆயிரம் கிருமிகள் பத்துக் கோடியாவதற்கு 17 முறை இரட்டித்தால் போதும்; இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் வேலை. ஆனால் என் உடல் அவற்றைச் சும்மா விடவில்லை. அவை பெருகப் பெருக உடல் கொன்றுகொண்டே இருந்தது. சில இடங்களில் உடல் வென்றது, எங்கோ ஓரிடத்தில் கிருமிகள் ஒரு படி முந்தின. அந்த இழுபறி நான்கு மாதங்கள் நடந்தது. அந்த நான்கு மாதங்களும் என் வாழ்க்கையின் மிக நல்ல மாதங்களாக எனக்குத் தோன்றின. எடை முழுவதுமாகத் திரும்பியது. மருந்தை நிறுத்தியது சரியான முடிவுதான் என்பதற்கு, கண்ணாடியில் தெரிந்த என் முகமே சான்றாக இருந்தது. காசநோய் திரும்புவதானால் பெரும்பாலும் மருந்து நின்ற முதல் ஓராண்டுக்குள், அதிலும் மிகுதியாக முதல் ஆறு மாதங்களுக்குள் திரும்புகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

இருமல் திரும்பியது. முதல் நாள் இரவே என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது, ஒத்துக்கொள்ளத்தான் துணிவில்லை. மருத்துவரிடம் போனால் ஏன் நிறுத்தினாய் என்று கேட்பாரே என்ற அச்சம் நோயின் மீதிருந்த அச்சத்தைவிடப் பெரிதாக இருந்தது. அலமாரியில் பழைய மருந்து இருந்தது. இரண்டாம் கட்டத்துக்கென்று இரண்டு மாத மருந்தைச் சேர்த்தே வாங்கியிருந்தேன். 14 நாள் போக 46 வெள்ளை மாத்திரைகளும் 46 சிவப்புக் கேப்சூல்களும் மீதமிருந்தன. கேப்சூலைக் கையில் எடுத்ததும் அந்தக் குமட்டல் நினைவுக்கு வந்தது. பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். சின்ன வெள்ளை மாத்திரையை மட்டும் தினம் ஒன்று விழுங்கத் தொடங்கினேன். ஒன்றுமில்லாமல் இருப்பதைவிட ஏதோ ஒன்று மேல் என்று நினைத்தேன். என்னுடைய எல்லாத் தவறுகளிலும் மிகக் கெட்ட தவறு இதுதான். அது தவறு என்று தெரியாமற்போனதற்குக் காரணம், அது முதலில் வேலை செய்தது. ஒரு வாரத்தில் இருமல் பாதியானது. பத்தாம் நாளில் இரவு முழுவதும் தூங்கினேன்.

கிருமிகளின் பக்கத்தில் நடந்தது இது. பத்துக் கோடிக் கிருமிகள் பெருகிச் சேரும்போது அவற்றின் மரபணுவில் எழுத்துப் பிழைகள் தானாகவே நேர்கின்றன. எந்த மருந்தும் அவற்றை உண்டாக்குவதில்லை. படியெடுக்கும்போது நேரும் பிழைகள் அவை. ஏறக்குறைய பத்து இலட்சம் கிருமிகளில் ஒன்றுக்கு ஐசோனியசிட்டிலிருந்து தப்பவல்ல பிழை இருக்கும். அப்படியானால் பத்துக் கோடியில் நூறு. ரிஃபாம்பிசினிலிருந்து தப்பவல்லது அதைவிட அரிது. ஏறக்குறைய பத்துக் கோடிக்கு ஒன்று. இரண்டிலிருந்தும் ஒருசேரத் தப்பக்கூடிய ஒன்று தற்செயலாக இருக்க வேண்டுமானால், பத்துக் கோடியைப் பத்து இலட்சத்தால் பெருக்கிய அளவுக்குக் கிருமிகள் வேண்டும். அவ்வளவு கிருமிகள் ஒரு நோயாளியின் உடலில் இருப்பதில்லை. மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதன் பொருள் இதுதான். முதல் முறை நான் நான்கு மருந்துகளையும் விழுங்கியபோது, ஐசோனியசிட்டை ஏமாற்றிய அந்த நூறையும் அருகிலிருந்த ரிஃபாம்பிசின் கொன்றது. இப்போது ரிஃபாம்பிசின் அலமாரியில் இருந்தது.

வெள்ளை மாத்திரை பெருகிக்கொண்டிருந்த கோடிக்கணக்கான கிருமிகளைக் கொன்றது; அதனால்தான் இருமல் தணிந்தது. அந்த நூறை மட்டும் அதனால் தொட முடியவில்லை. அதுவரை அந்த நூறும் மற்றவற்றோடு இடத்துக்கும் உணவுக்கும் போட்டியிட்டுக்கொண்டிருந்தன. இப்போது போட்டிக்கு ஆளில்லை. நூறு கிருமிகள் மீண்டும் பத்துக் கோடியாவதற்கு 20 முறை இரட்டிக்க வேண்டும். தடையில்லாவிட்டால் 17 நாள். என் உடலின் எதிர்ப்பையும் சேர்த்துச் சற்றுக் கூடுதலாகவே ஆயிற்று. மூன்றாவது வாரத்தின் நடுவில் இருமல் மெல்லத் திரும்பியது. 24ஆம் நாள் காலையில் சளியில் இரத்தக் கோடு ஒன்றைப் பார்த்தேன். தினமும் தவறாமல் மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கும்போதே அது வந்ததுதான் என்னை நடுங்க வைத்தது. முதலில் இறக்கம், பிறகு ஏற்றம் என்று இந்த நிகழ்வுக்கு மருத்துவத்தில் பெயரே இருக்கிறது என்று மருத்துவர் பின்னர் சொன்னார். அவர் தாளில் வரைந்த இரண்டு கோடுகள் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கின்றன. ஒன்று உயரத்திலிருந்து சரிந்து வருகிறது; மற்றொன்று தரையிலிருந்து எழுகிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு அருகில்தான் நான் நிம்மதியாகத் தூங்கிய இரவுகள் இருக்கின்றன.

இந்த முறை வேறு மருத்துவரிடம் போனேன். பழையவரைப் பார்க்கும் துணிவு அப்போதும் வரவில்லை. நல்லவேளையாக, பழைய எக்ஸ்ரே, பழைய வளர்ப்புப் பரிசோதனை முடிவு, மீதி மாத்திரைப் புட்டி எல்லாவற்றையும் எடுத்துப் போயிருந்தேன். அவர் புட்டியை மேசை மீது கவிழ்த்து மாத்திரைகளை விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார். 22 இருந்தன. பிறகு கேப்சூல்களை எண்ணினார். 46 இருந்தன. "கேப்சூலை ஒரு நாள்கூட எடுக்கவில்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் கோபப்படவில்லை, ஆனால் எழுதிக்கொண்டிருந்த பரிசோதனைச் சீட்டில் இன்னொரு வரி சேர்த்தார். அந்த ஒரு வரிதான் என்னைக் காப்பாற்றியது என்று பிறகு புரிந்தது. இரண்டு மணி நேரத்தில் முடிவு தரும் ஜீன் எக்ஸ்பர்ட் சோதனையில், காசநோய்க் கிருமி இருக்கிறது, ரிஃபாம்பிசின் எதிர்ப்பு காணப்படவில்லை என்று வந்தது. அதைப் பார்த்து நான் மூச்சு விட்டேன். அவர் தலையசைத்து, "இந்தச் சோதனை ரிஃபாம்பிசினைத்தான் பார்க்கும், ஐசோனியசிட்டைப் பார்க்காது. நீங்கள் தனியாக எடுத்தது ஐசோனியசிட்" என்றார். நான் அந்த 24 மாத்திரைகளை மறைத்திருந்தால், முதல் முடிவோடு நிறுத்தி, பழைய நான்கு மருந்துகளையே மீண்டும் தொடங்கியிருக்க வாய்ப்பிருந்தது. அந்நிலையில் இரண்டாம் கட்டத்தில் எனக்கு உண்மையில் வேலை செய்யும் மருந்தாக ரிஃபாம்பிசின் ஒன்று மட்டுமே இருந்திருக்கும். அடுத்து ரிஃபாம்பிசினையும் இழந்திருக்கலாம்.

அவர் சேர்த்து எழுதிய சோதனையின் முடிவைக் காட்டும்படி கேட்டேன். ஆய்வகத்தில் இருந்தவர் தாளில் ஒட்டியிருந்த மெல்லிய வெள்ளைப் பட்டையைக் காட்டினார். ஒரு விரல் நீளம் இருக்கும். அதன் குறுக்கே ஊதா நிறத்தில் சின்னச் சின்னக் கோடுகள். ஐசோனியசிட் உடலுக்குள் போகும்போது வேலை செய்யாத நிலையில்தான் இருக்கிறது. கிருமியின் சொந்த நொதி ஒன்று அதை மாற்றிய பிறகே அது நஞ்சாகிறது. அந்த நொதிக்கான மரபணு கேட்-ஜி. இயல்பான மரபணு இருந்தால் பட்டையில் ஓரிடத்தில் கோடு விழ வேண்டும். என்னுடைய பட்டையில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. அதற்கு அடுத்த இடத்தில், மாறிய மரபணுவுக்கான கோடு தெளிவாக விழுந்திருந்தது. சில மாதங்களுக்கு முன் எல்லா மருந்துக்கும் கட்டுப்படும் என்று எழுதப்பட்ட கிருமிதான் இது என்று அவர் சொன்னபோது, என் கையால் நானே வளர்த்ததை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. அழுதேன்.

இரண்டு தவறுகளையும் நான் பிரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஆனால், எல்லா மருந்தையும் ஒரே நாளில் நிறுத்தியதால் எனக்கு நோய் திரும்பியது, அவ்வளவுதான். அப்படித் திரும்பி வருவது பெரும்பாலும் பழைய மருந்துகளுக்குக் கட்டுப்படும் அதே கிருமிதான். அன்றே மருத்துவரிடம் போயிருந்தால் வழக்கமான சிகிச்சையே எனக்குப் போதுமானதாக இருந்திருக்கும். எதிர்ப்பை வளர்த்தது, பத்துக் கோடியாகப் பெருகி நின்ற கிருமிகளின் முன் ஒரே ஒரு மருந்தைத் தனியாக வைத்ததுதான். மருத்துவ உலகம் இதை எனக்கு வெகுகாலம் முன்பே கண்டிருக்கிறது. பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1948இல் வெளியானது. முதலில் நன்றாகத் தேறிய நோயாளிகள் பலரிடம் அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் தோன்றின. அதன் பிறகுதான் மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையே நிலைபெற்றது. எனவே, இடையில் நிறுத்திவிட்ட ஒருவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால், அவரிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: வீட்டில் இருப்பதில் ஒன்றைக்கூட விழுங்காமல், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, எத்தனை வேளை எடுத்தீர்கள், எந்த நாளில் விட்டீர்கள் என்று எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். எங்கிருந்து தொடர்வது, முதலிலிருந்து தொடங்குவதா என்பதை அவர் முடிவு செய்வதற்கு அந்த எண்கள் வேண்டும். ஐசோனியசிட்டுக்கும் சோதிக்க வேண்டுமா என்று நீங்களே கேட்டுவிடுங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள், மருந்துகளை ஒன்றாகக் கலந்த மாத்திரையாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். அதில் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை ஒதுக்க முடியாது.

இரண்டாவது சிகிச்சை ரிஃபாம்பிசின், எத்தாம்புட்டால், பைரசினமைடு, லெவோஃப்ளாக்சசின் ஆகிய நான்கும் சேர்ந்து ஆறு மாதம். முதல் முறையைப் போல இடையில் மருந்து குறையவில்லை. கடைசி நாள் வரை நான்கும் உண்டு. பைரசினமைடினால் மூட்டுகள் வலித்தன, குதிகாலின் பின்புறம் வலித்தால் லெவோஃப்ளாக்சசினை நிறுத்த வேண்டியிருக்கலாம் என்பதால் உடனே சொல்லும்படி எச்சரித்திருந்தார்கள், அடிக்கடி கல்லீரலுக்கான இரத்தப் பரிசோதனை இருந்தது. ஊதியமில்லா விடுப்பும், பரிசோதனைகளும், பயணங்களும் சேர்ந்து என் நான்கு மாதச் சம்பளத்தை விழுங்கின. எதிர்பார்த்திருந்த பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. நாட்காட்டியில் நாளைக் குறிப்பதை விட்டுவிட்டு, விழுங்கிய வேளைகளை எண்ணத் தொடங்கினேன். ஒரு வேளை தவறினால் அன்றைய எண் அப்படியே நிற்கும், முடிவு ஒரு நாள் தள்ளிப்போகும். இது எனக்கு மிகவும் உதவியது.

எந்த ஆன்டிபயாடிக்கானாலும் நீண்ட நாள் எடுப்பதே நல்லது என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பல சாதாரணத் தொற்றுகளுக்குக் குறைந்த நாட்களே போதும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. சில நோய்களில், தேறிவிட்டால் ஐந்தாம் நாளிலேயே நிறுத்தலாம் என்று மருத்துவரே சொல்வார். காசநோயிலும், வேறு மருந்துகளைச் சேர்த்து நான்கு மாதத்தில் முடிக்கும் முறை இப்போது உண்டு. எத்தனை நாள் என்பது அந்தக் கிருமியையும் அந்த மருந்துகளையும் பொறுத்தது. நான் எடுத்துக்கொண்ட மருந்துகளை நான்கு மாதத்தில் நிறுத்தினாலும் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் குணமாகிவிடுவார்கள் என்று படித்திருக்கிறேன். ஆனால் அந்த ஐந்தாமவர் யார் என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழியில்லை.

இருமல் திரும்பிய பிறகு மருத்துவரிடம் போகாமல் நான் வீட்டில் கழித்த நாட்களில் என் மகள் என் பக்கத்திலேயே படுத்துத் தூங்கினாள். அவளுக்கு ஆறு வயது. முதல் முறை எனக்கு நோய் வந்தபோது அவளைச் சோதித்தார்கள். கிருமி தொற்றவில்லை என்று வந்தது. இரண்டாம் முறை தொற்றியிருந்தது. எக்ஸ்ரே தெளிவாக இருந்தது, நோய் இல்லை. கிருமி மட்டும் உள்ளே உறங்குகிறது, அது நோயாக மாறாமலிருக்க மருந்து தர வேண்டும் என்றார்கள். வழக்கமாக இதற்குக் கொடுப்பவற்றில் எளிதானது, விழுங்க இலேசான அந்தச் சின்ன வெள்ளை மாத்திரைதான். என்னிடமிருந்து போன கிருமிக்கு அது பயன்படாது என்பதால், அவளுக்கு நான்கு மாதம் ரிஃபாம்பிசின் எழுதினார்கள், 120 வேளை. கேப்சூலைத் திறந்து பொடியைக் கலந்து தினமும் நானே ஊட்டினேன். விரல் நுனியில் ஒட்டிய அந்தச் சிவப்பு எத்தனை கழுவினாலும் நகக்கண்ணில் தங்கிவிடும். முதல் நாள் கழிப்பறையிலிருந்து ஓடி வந்து, "அம்மா, எனக்கும் உன்னைப் போலவே ஆரஞ்சு நிறத்தில் போகிறது" என்று சொன்னாள். குமட்டுகிறதா என்று கேட்டேன். கொஞ்சம் என்றாள். 120 வேளைகளில் ஒன்றையும் அவள் விடவில்லை.